செடி வாங்கும் முன் அறையின் வெளிச்சத்தை நிழலை வைத்துக் கணித்துப் பார்த்த அனுபவம்

கண் வெளிச்சத்தை அளக்கும் கருவி அல்ல. நேரடி வெயிலில் 1,00,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். பகலில் ஓர் அறையின் நடுப்பகுதியில் அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடும். ஆனாலும் கண்ணின் பாவை விரிந்துகொடுப்பதாலும் விழித்திரை தன்னைப் பழக்கிக்கொள்வதாலும் இரண்டு இடங்களிலும் நம்மால் வசதியாகப் படிக்க முடிகிறது. ஆகவே "நல்ல வெளிச்சமான அறை" என்ற எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, செடி வைக்க நினைத்த அறையை ஜன்னலின் திசை, நிழல் ஆகிய இரண்டையும் கொண்டு சோதித்தேன்.

முதலில் திசை. ஜன்னலுக்கு நேராக வெளியே பார்த்து நின்று, கைபேசியின் திசைகாட்டியில் பார்க்க வேண்டும். ஜன்னலில் இரும்புக் கம்பிகள் இருந்தால் அவற்றின் அருகில் திசைகாட்டி பிசகும் என்பதால், இரண்டு மூன்று அடி பின்வாங்கி நின்று பார்த்தேன். ஜன்னல் கிழக்கு நோக்கியது. கிழக்கு ஜன்னலுக்குக் காலையிலும் மேற்கு ஜன்னலுக்குப் பிற்பகலிலும் சாய்ந்த வெயில் கிடைக்கும். வெயிலின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், பிற்பகலில் காற்றும் சுவரும் ஏற்கெனவே சூடாகியிருப்பதால் மேற்கு வெயில் இலைகளுக்குக் கடுமையாக இருக்கும். வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்குப் பொதுவான விதி ஒன்றைச் சொல்லிவிட முடியாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே வெகுதொலைவில் இருப்பவர்களுக்குத் தெற்கு ஜன்னலில் ஆண்டு முழுவதும் வெயில் வரும், தெற்கே வெகுதொலைவில் இருப்பவர்களுக்கு வடக்கு ஜன்னலில் வரும்; பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பவர்களுக்கோ ஆண்டின் ஒரு பாதியில் ஒன்றிலும் மறுபாதியில் மற்றொன்றிலுமாக மாறி மாறி வரும்.

திசை தெரிந்த பிறகுதான் நிழல் சோதனையை எந்த நேரத்தில் செய்வது என்று தீர்மானிக்க முடியும். நண்பகலில் ஒரு முறை பார்த்தால் போதும் என்று பலர் சொல்வதுண்டு. கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு அது பொருந்தாது, ஏனெனில் அந்த நேரத்தில் வெயில் அங்கே இருக்கவே இருக்காது. ஆகவே காலையில் வெயில் உள்ளே இருந்த நேரம் முழுவதும் அவ்வப்போது பார்த்தேன். நண்பகலிலும் பிற்பகலிலும் ஒவ்வொரு முறை பார்த்தேன்.

சோதனை எளிது. அறையின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, செடி இருக்கப்போகும் அதே உயரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஜன்னல் இருக்கும் பக்கமாகக் கையை விரித்துப் பிடிக்க வேண்டும். கையைத் தாளுக்கு நேர் மேலே பிடிப்பதில் பயன் குறைவு. அறைக்குள் ஒளி பக்கவாட்டில் வருவதால் நிழல் தாளைத் தாண்டிப்போய் விழும். விரல்கள் கத்தரித்தது போல் தனித்தனியாகத் தெரிந்தால் அது நேரடி வெயில். வெயிலிலும் நிழலின் ஓரத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் மங்கல் இருக்கும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வானில் அரை பாகை அகலத்துக்குத் தெரிவதே அதற்குக் காரணம்.

நான் சோதித்தவை மூன்று இடங்கள். ஜன்னல் 1.2 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் கொண்டது, மேலே சன்ஷேடு இல்லை. ஜன்னலின் அடிவிளிம்பு மட்டத்திலேயே மேசையைப் போட்டு, கண்ணாடியிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டரை மீட்டர் தூரங்களில் தாளை வைத்தேன். எதிரே ஒரு கட்டடம் இருப்பதால் காலை 8 மணி வாக்கில்தான் முதல் வெயில் உள்ளே வந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் 9.15 மணி வரையும், அரை மீட்டர் தூரத்தில் 10.30 மணி வரையும் கூர்மையான நிழல் விழுந்தது. இரண்டரை மீட்டர் தூரத்தில் வெயில் விழவே இல்லை. இதைக் கணக்குப் போட்டும் சரிபார்க்கலாம். வெளியே நிற்கும் ஒருவரின் நிழல் அவருடைய உயரத்துக்குச் சமமாக இருக்கும்போது சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கிறது. சூரியன் ஜன்னலுக்கு நேரெதிரே இருந்தால், ஜன்னலின் மேல்விளிம்பு மேசையை விட எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான் அப்போது மேசையில் வெயில் பரவும். இங்கே அது 1.2 மீட்டர். சூரியன் அதைவிட மேலே ஏற ஏற, வெயில் ஜன்னலை நோக்கிச் சுருங்கும். சன்ஷேடு இருந்தால் இன்னும் முன்கூட்டியே சுருங்கிவிடும்.

வெயில் விலகிய பிறகு நிழலைப் படிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நண்பகலில் அரை மீட்டர் தூரத்தில் கையின் நிழலை அடையாளம் காணவே முடியவில்லை. விளிம்பே இல்லாத மங்கலாகப் பரவிவிட்டது. இரண்டரை மீட்டர் தூரத்திலோ, மிக வெளிறித் தெரிந்தாலும் உள்ளங்கையின் வடிவத்தை அறிய முடிந்தது. "நிழல் தெளிவாக இருந்தால் வெளிச்சம் அதிகம்" என்ற வழக்கமான விதியைப் பிடித்துக்கொண்டால், ஜன்னலோரத்தை விட அறையின் உட்புறம் வெளிச்சமானது என்ற முடிவுக்கு வர நேரிடும். உண்மையில் நிழலின் விளிம்பு, ஒளி வரும் வாயில் அந்த இடத்திலிருந்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையே காட்டுகிறது. அருகில் இருக்கும்போது ஜன்னல் பெரிதாகத் தெரிவதால் நிழல் கரைகிறது. தள்ளிப் போகப் போக ஜன்னல் சிறிதாகி, நிழலின் ஓரம் கூர்மையாகிறது. நிழலின் கருமையையும் முழுதாக நம்ப முடியாது. வெள்ளைச் சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலை வெளிறச் செய்கின்றன, ஆனால் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தைக் கூட்டவும் செய்கின்றன. இரவில் ஒரே ஒரு சிறிய பல்பின் கீழ் நிழல் எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்று பார்த்தாலே, நிழலின் கூர்மை வெளிச்சத்தின் அளவைக் காட்டாது என்பது புரிந்துவிடும்.

எனவே வெயில் இல்லாத நேரத்துக்கு வேறு இரண்டு வழிகளைச் சேர்த்துக்கொண்டேன். ஒன்று, செடியின் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து வானம் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது. அரை மீட்டரில் ஜன்னலின் பெரும்பகுதியில் வானம் தெரிந்தது. இரண்டரை மீட்டரில் எதிர்க் கட்டடம் போக மேலே ஒரு பட்டை வானம் மட்டுமே எஞ்சியது. மற்றொன்று, கைபேசிக் கேமராவின் கைமுறை அமைப்பில் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை மாற்றாமல் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் வெள்ளைத் தாள் திரை முழுவதையும் நிரப்பும்படி பிடித்து, படம் ஒரே அளவு பிரகாசமாகத் தெரிவதற்கு எவ்வளவு ஷட்டர் நேரம் தேவைப்படுகிறது என்று பார்ப்பது. நேரம் இரட்டிப்பானால் வெளிச்சம் பாதி என்று பொருள். மூன்று இடங்களுக்கும் முறையே 1/400, 1/200, 1/25 வினாடி வந்தது. அதாவது ஒரு மீட்டரில் பாதியும், இரண்டரை மீட்டரில் பதினாறில் ஒரு பங்கும்தான் இருக்கிறது. கண்ணுக்கு இந்த வேறுபாடு சற்று மங்கல் என்ற அளவில்தான் பட்டது.

இதை வைத்து வாங்கவேண்டிய பட்டியலைத் திருத்தினேன். காலை வெயில் இரண்டரை மணி நேரம் கிடைக்கும் அரை மீட்டர் இடத்துக்குக் கற்றாழை பொருந்தும். ஒரு மீட்டர் இடத்துக்கு மணி பிளான்ட்டும் ஸ்பைடர் பிளான்ட்டும் போதும். இரண்டரை மீட்டர் இடத்தில் ஸ்நேக் பிளான்ட் உயிரோடு இருக்கும், ஆனால் புது இலை விடுவது அரிது. மண் காய்வதற்கும் நாளாகும் என்பதால், அதை அங்கே வைத்தால் மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். இப்போதைக்கு அந்த இடத்துக்கு எதையும் வாங்கவில்லை. காலை வெயில் விழும் எல்லையை மேசையில் டேப் ஒட்டிக் குறித்து வைத்திருக்கிறேன்; சூரியன் உதிக்கும் இடம் பருவத்துக்குப் பருவம் வடக்கும் தெற்குமாக நகர்வதால், சில மாதங்கள் கழித்து அந்த எல்லையை மறுபடி பார்த்துவிட்டுத்தான் கற்றாழையை அங்கேயே விடுவதா, நகர்த்துவதா என்று முடிவு செய்யவிருக்கிறேன்.