இரண்டாம், நான்காம் சனி எந்தத் தேதி? ஆண்டுப் பட்டியல் போட்ட அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் காசோலை போடுவது, வரைவோலை எடுப்பது, நகைக்கடனைத் திருப்புவது என்று வங்கிக்கு நேரில் போக வேண்டிய வேலைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அதனால் 2026-ம் ஆண்டுக்கு வங்கி மூடும் சனிக்கிழமைகளை எல்லாம் ஒரே தாளில் எழுதி ஒட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். 2015 செப்டம்பர் 1 முதல் எல்லா வங்கிகளுக்கும் இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. மற்ற சனிகளில் முழு நாள் வேலை. ஐந்தாம் சனி வந்தால் அன்றும் வேலைதான். அதற்கு முன்பு சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை இருந்தது.

விதி இவ்வளவுதான் என்றாலும் தேதியைச் சொல்லும்போது ஆளுக்கு ஒரு பதில் வந்தது. நவம்பர் மாதத்துக்கு ஒருவர் 7, 21 என்றார். இன்னொருவர் 14, 28 என்றார். இரண்டு பேரும் காலண்டரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். 2026 நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. முதலாமவரின் கைப்பேசியில் வாரம் திங்களில் தொடங்கும்படி வைத்திருந்தது. அதில் முதல் வரிசையில் 1-ம் தேதி மட்டும் தனியாக நிற்கும், அந்த வரிசையில் சனியே இருக்காது. அவர் இரண்டாவது வரிசையின் சனியை இரண்டாம் சனி என்று எடுத்துக்கொண்டார். அது உண்மையில் முதல் சனி. ஞாயிறு முதலில் வரும் காலண்டரில் முதல் வரிசையில் எப்போதும் ஒரு சனி இருக்கும் என்பதால் வரிசையை எண்ணினாலும் விடை சரியாகவே வரும். எண்ண வேண்டியது சனிக்கிழமைகளை, வாரங்களை அல்ல.

அப்புறம் நான் வரிசை பார்ப்பதையே விட்டுவிட்டேன். மாதத்தின் முதல் சனி 1 முதல் 7-க்குள் வந்தாக வேண்டும். எனவே இரண்டாம் சனி 8 முதல் 14-க்குள்ளும், நான்காம் சனி 22 முதல் 28-க்குள்ளும்தான் விழும். யாராவது ஒரு சனிக்கிழமைத் தேதியைச் சொன்னால், அது இந்த இரண்டு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 7-ம் தேதி, 21-ம் தேதி, 29-ம் தேதி என்றால் அன்று சனி விடுமுறை கிடையாது. பட்டியலை எக்செல்லில் போட்டேன். A1 கட்டத்தில் மாதத்தின் முதல் தேதியைக் கொடுத்தால் முதல் சூத்திரம் இரண்டாம் சனியையும் அடுத்தது நான்காம் சனியையும் தரும்.

```
=A1+14-WEEKDAY(A1)
=A1+28-WEEKDAY(A1)
```

விடை வெறும் எண்ணாகத் தெரிந்தால் அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்ற வேண்டும்.

கைப்பேசியில் நினைவூட்டல் வைப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. 'ஒரு சனி விட்டு ஒரு சனி' என்று நினைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும்படி வைத்துவிடுகிறார்கள். 2026 ஜனவரியில் 10, 24 என்று அது சரியாகவே காட்டும். ஆனால் ஜனவரியில் 31-ம் தேதியும் சனி. மாதத்தில் ஐந்து சனி வந்துவிட்டால், நான்காம் சனிக்கும் அடுத்த மாதத்தின் இரண்டாம் சனிக்கும் நடுவே 21 நாள் வந்துவிடும். அந்த நினைவூட்டலோ பிப்ரவரி 7, 21 என்று போகும். வங்கி மூடுவது 14, 28-ல். மே மாதத்தில் மறுபடி ஐந்து சனி வருவதால் ஜூன் 13-ல் அது தானாகவே சரியாகிவிடுகிறது, செப்டம்பரில் திரும்பவும் பிசகுகிறது. நடுவில் சில மாதம் சரியாகக் காட்டுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. 'மாதந்தோறும் இரண்டாம் சனி', 'மாதந்தோறும் நான்காம் சனி' என்று இரண்டு தனி நினைவூட்டல் வைப்பதே நம்பகமானது.

அரசு அலுவலகங்களை இதே பட்டியலில் சேர்க்கவில்லை. கேரள அரசு அலுவலகங்களுக்கு இரண்டாம் சனி மட்டும்தான் விடுமுறை, கர்நாடகத்தில் இரண்டும் நான்கும். மத்திய அரசின் நிர்வாக அலுவலகங்களுக்கு வாரத்தில் ஐந்து நாள்தான் வேலை. அஞ்சலகம் இந்தச் சனிகளிலும் திறந்திருக்கும். போக வேண்டிய அலுவலகத்தின் வழக்கத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்வதுதான் சரி.

பட்டியலில் நான் சிவப்பு மையில் வட்டமிட்ட மாதம் ஆகஸ்ட். 1-ம் தேதியே சனி என்பதால் இரண்டாம் சனி 8, நான்காம் சனி 22. நடுவில் 15-ம் தேதி மூன்றாம் சனி, கணக்குப்படி வேலை நாள். ஆனால் அன்று சுதந்திர தினம். அடுத்தடுத்து மூன்று சனி வங்கி இல்லை. சனிக்கிழமையில்தான் வங்கிக்குப் போக முடியும் என்பவர்களுக்கு அந்த மாதம் 1-ம் தேதியும் 29-ம் தேதியும்தான் இருக்கின்றன.