இம்ப்ரஷனின் முதல் வரி

கத்திரி வெயில் காலத்தில் சென்னையில் சிடி ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதும் எங்களைப் போன்ற மருத்துவர்களுக்குச் சிறுநீரகக் கல் அலுத்துப்போன சங்கதி. ஆனால் ஓர் இரவுப் பணியில் வந்த பெண்மணியின் ஸ்கேனுக்கு இம்ப்ரஷன், அதாவது ரிப்போர்ட்டின் முடிவுச் சுருக்கம், எழுத நான் நெடுநேரம் மெனக்கெட்டேன். சீட்டில் "வயிற்று வலி" என்று மட்டும் எழுதியிருந்தது. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாத சிடியில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீரை இறக்கும் குழாயான யூரிட்டரின் வலதுபக்க மேல்பகுதியில் 9 மி.மீ. கல். அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கி, சுற்றியிருந்த கொழுப்பு கலங்கியிருந்தது. இடது சிறுநீரகமோ 6 செ.மீ.க்குச் சுருங்கிப்போயிருந்தது.

முதுநிலை மாணவி எழுதிய வரைவில் பிழை எதுவும் இல்லை. கொழுப்புக் கல்லீரல், பித்தப்பைக் கல், பிறகு வலது சிறுநீரகம், இடது சிறுநீரகம், கடைசியில் முதுகெலும்புத் தேய்மானம் என்று உறுப்பு வரிசைப்படி ஐந்து வரிகள். மூன்றாவது வரியையும் நான்காவதையும் கூட்டிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். இரவு இரண்டு மணிக்கு அதைக் கூட்டிப் பார்க்கும் வேலையை யூராலஜி மருத்துவரிடம் ஏன் விட வேண்டும்?

வார்டுக்கு போன் செய்தேன். காய்ச்சல் 102 டிகிரி, இரத்தத்தில் கழிவு தேங்குவதைக் காட்டும் கிரியாட்டினின் 3.8. இவை தெரிந்த பிறகு முதல் வரி இப்படி அமைந்தது: "வலது மேல் யூரிட்டரில் 9 மி.மீ. கல், மிதமான அடைப்பு வீக்கம். இடது சிறுநீரகம் சுருங்கியுள்ளதால், பெரும்பாலும் இயங்கிவரும் ஒரே சிறுநீரகம் அடைபட்டுள்ளது. காய்ச்சல் இருப்பதால் தொற்றோடு கூடிய அடைப்பாகக் கருதி, அவசரமாக வடிகால் அமைக்க யூராலஜி ஆலோசனை தேவை."

"சாதா சிடியில் சிறுநீரகம் இயங்குகிறதா என்று தெரியாதே, மேடம்?" என்றார் மாணவி. நியாயமான கேள்வி. அதனால்தான் "பெரும்பாலும்" என்று போட்டேன். தொற்றும் அப்படித்தான்: வெறும் அடைப்பிலும் கொழுப்பு கலங்கும், உள்ளே இருப்பது சீழா சிறுநீரா என்று இந்தப் படம் உறுதியாகச் சொல்லாது. எனவே காய்ச்சலைக் காரணமாகச் சுட்டினேன். "நோய்க்குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்ற சம்பிரதாய வரி எனக்குப் பிடிக்காது. எதோடு ஒப்பிடுவது என்று அது சொல்வதே இல்லை. வடிகாலை ஸ்டென்ட் வைத்துச் செய்வதா, முதுகு வழியாகக் குழாய் போட்டுச் செய்வதா என்பதை மட்டும் அவர்கள் முடிவுக்கு விட்டேன்.

சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் 1.4 செ.மீ. கட்டி ஒன்றும் தெரிந்தது. சிடியில் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு 4, அதாவது கொழுப்பு மிகுந்த, தீங்கற்ற அடினோமா. அதை இரண்டாவது வரியில் வைத்து, "மறு ஸ்கேன் தேவையில்லை" என்று முடித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் யாராவது மறுபடி ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். மற்றவை ரிப்போர்ட்டின் உடலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு யூராலஜி மருத்துவரைப் போனில் பிடித்துச் சொல்லி, பேசிய நேரத்தையும் ரிப்போர்ட்டில் பதிந்தேன். அவர் கேட்டது ஒன்றே: "கல் ஸ்கவுட் படத்தில் தெரிகிறதா?" ஸ்கவுட் என்பது சிடிக்கு முன் எடுக்கும், எக்ஸ்ரே போன்ற படம்; எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஸ்டென்ட் வைப்பவருக்கு அது தேவை. தெரிந்தது. "மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில், ஸ்கவுட் படத்திலும் தெரிகிறது" என்று முதல் வரியில் சேர்த்துக் கையொப்பமிட்டேன்.