'எங்க போறது?' சிங்கள வாய்மொழிப் பரீட்சைக்குத் தயாரான கதை

2007 ஜூலை 1-க்குப் பிறகு அரசாங்க வேலைக்கு வந்தவர்கள் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். தமிழ் மொழிமூலம் சேர்ந்த எனக்கு அது சிங்களம். அரச கரும மொழிகள் திணைக்களம் நடத்தும் பரீட்சையில் எழுத்தும் உண்டு, வாய்மொழியும் உண்டு. மஸ்கெலியாவில் பிறந்து, ஹட்டன் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் சிங்களம் கேட்டு வளர்ந்தவளுக்கு வாய்மொழி என்ன பெரிய விஷயம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அந்தக் கடைத்தெருச் சிங்களம்தான் சிக்கல். நான் பேசுவது யாருக்கும் விளங்காமல் போனதில்லை, அதனால் யாரும் திருத்தியதும் இல்லை.

தமிழும் சிங்களமும் வேறு வேறு மொழிக் குடும்பங்கள். ஆனாலும் வாக்கியம் கட்டும் விதம் ஏறத்தாழ ஒன்று. வினை கடைசியில் வரும். 'எனக்கு வேணும்' என்பது 'மட ஓன' என்று அப்படியே வரும். 'என்று சொன்னார்' என்பதில் 'என்று' நிற்கும் இடத்தில் 'கியலா' நிற்கும். தமிழ் வாக்கியத்தில் சொற்களை மட்டும் கழற்றிச் சிங்களச் சொற்களை மாட்டினால் பெரும்பாலும் வண்டி ஓடும். ஓடுகிறதே என்று நாம் கீழே குனிந்து பார்ப்பதில்லை.

எங்கள் வகுப்பு ஆசிரியர் முதல் நாளே என் கொப்பியைக் கேட்டார். சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் 'கட' என்று இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றுக்கு 'வாய்' என்றும் மற்றதற்கு 'கடைகள்' என்றும் பொருள் போட்டிருந்தேன். "இரண்டையும் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். "இரண்டும் கடைதான்" என்றார்.

விஷயம் இதுதான். 'படம்' என்று சொல்லும்போது தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள், 'ட' வருகிற இடத்திலும் அதிர்வு இருக்கும். 'பட்டம்' என்று சொல்லும்போது அந்த இடத்தில் அதிர்வு நின்றுவிடும். தமிழில் இது இடத்தைப் பொறுத்துத் தானாக நடப்பது. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை ட வந்தால் அதிரும், இரட்டித்தால் அதிராது. அதனால்தான் நமக்கு ஓர் எழுத்தே போதுமாக இருக்கிறது. சிங்களத்தில் அவை இரண்டு தனித்தனி எழுத்துகள், தனித்தனி ஒலிகள், எந்த இடத்திலும் எதுவும் வரும். அதிராத ட போட்டால் வாய், அதிரும் ட போட்டால் கடைகள். 'வாய் வலிக்கிறது' என்று நான் சொன்ன 'கட ரிதெனவா' அவர்கள் காதில் 'கடைகள் வலிக்கின்றன' என்று விழும். இந்தச் சொல்லை விட்டுவிடலாம் என்றால், 'எனக்கு' என்பதற்கு வரும் 'மட' என்பதிலும் அதே அதிராத ட. அதை விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூடப் பேச முடியாது.

சரி, அதிர்வை எடுத்துவிடுவோம் என்று முயன்றால் தமிழ் நாக்கு உடனே 'கட்ட' என்று இரட்டித்துவிடும். சிங்களத்தில் அதுவும் வேறு சொல். கடும் வெயிலை 'கட்ட அவ்வ' என்பார்கள். ஆக மூன்று சொற்கள்: அதிரும் ஒற்றை, அதிராத ஒற்றை, அதிராத இரட்டை. தமிழில் முதலாவதும் மூன்றாவதும் உண்டு. நடுவில் இருப்பதற்கு இடமே இல்லை. அதனால் நாக்கு ஒன்று இந்தப் பக்கம் விழும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம்.

எனக்கு உதவியது 'பட்டம்'தான். 'பட்ட' என்று சொல்லி, நாக்கு மேலே ஒட்டி நிற்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், ஆனால் தொண்டை அதிரக் கூடாது. கூடுதலாகக் குறைத்தால் 'பட' ஆகிவிடும், விரலில் தெரியும். இதைத் தனியே செய்து பயனில்லை, ஏனென்றால் நம் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த அக்கா சிங்களவர். அந்த மூன்று சொற்களையும் மாற்றி மாற்றிப் போனில் பதிவு செய்து அவரிடம் கொடுப்பேன். கேட்டதை அவர் ஒரு தாளில் எழுதுவார், நான் என் வரிசையோடு ஒப்பிடுவேன். முதலில் வாய் என்று ஒன்றுகூட விழவில்லை. ஒன்றில் கடை, ஒன்றில் வெயில். பிறகு அவர் பதிவு செய்து தர, நான் எழுதினேன். காதுக்குப் பிரித்துக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் வாய் வழிக்கு வந்தது.

கொப்பியையும் மாற்றினேன். சிங்கள எழுத்திலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன். தமிழ் எழுத்தில் எழுதிய ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய பழக்கத்தை நானே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். சிங்களம் படிக்கத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட கைநூல்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவசரத்துக்குச் சரி, உச்சரிப்புக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

ராபர்ட் லாடோ என்ற மொழியியலாளர் 1957-இல் சொன்னது, தாய்மொழியிலிருந்து எது வேறுபடுகிறதோ அதுதான் கடினம் என்று. என் அனுபவம் பாதிதான் ஒத்துப்போகிறது. 'முடியாது', 'இல்லை' என்று சிங்களத்தில் சொல்லும்போது ஆவுக்கும் ஏவுக்கும் நடுவே வாயை அகட்டிச் சொல்லும் ஓர் உயிர் வரும். தமிழில் அப்படி ஓர் எழுத்தே இல்லை. முற்றிலும் புதிது என்பதால் அது உடனே காதில் உறைத்தது, சீக்கிரமே படிந்தும்விட்டது. 'ட' அப்படியல்ல, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று தோன்றும் ஒலி. அதுதான் இழுத்தடித்தது.

இன்னொன்று எகரம். எழுதும்போது 'எனக்கு', பேசும்போது 'யெனக்கு' என்று முன்னால் ஒரு யகரம் ஒட்டிக்கொள்ளும், நமக்கே தெரியாது. சிங்களத்தில் 'எனவா' என்றால் வருகிறேன், 'யனவா' என்றால் போகிறேன். போனில், அதுவும் மலை மடிப்பில் சிக்னல் இழுக்கும்போது, நான் சொன்ன 'மம யெனவா' அந்த அக்காவுக்குப் போகிறேன் என்றே கேட்டது. "எங்க நங்கி போற, கூட்டம் இருக்கே!" என்றார். 'மம' என்று சொல்லி ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் எகரத்தைத் தொடங்கினால் யகரம் வராது.

ஒலியை விட இலக்கணம் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. தமிழில் மகளும் 'இருக்கிறாள்', சல்லியும் 'இருக்கிறது'. ஒரே வினை, விகுதி மட்டும் வேறு. சிங்களத்தில் உயிருள்ளதற்கு 'இன்னவா', உயிரற்றதற்கு 'தியெனவா', இரண்டு வேறு வினைகள். நம்மவர்கள் 'இரு' என்பதற்கு 'இன்னவா' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'சல்லி இன்னவா' என்பார்கள். சல்லிக்கு உயிர் வந்துவிடும். இதற்கு மருந்து எளிது. தமிழில் 'இருக்கிறது' என்று முடியும் இடமா என்று மனதில் பார்த்தால் போதும், பெரும்பாலும் அங்கே 'தியெனவா'தான். நாய், மாடு மட்டும் விலக்கு. தமிழில் அவை அஃறிணை, சிங்களத்தில் அவற்றுக்கும் 'இன்னவா'.

ஆனால் என்னைப் பரீட்சைவரை துரத்தியது கேள்வி வாக்கியம். 'நீங்க எங்க போறீங்க?' என்பதை அப்படியே மாற்றினால் 'ஒயா கொஹெத யனவா?' என்று வரும். அது பிழை. 'எங்கே', 'எப்போது', 'யார்' என்ற கேள்விச் சொல் வந்தால் வினை தன் முடிவை மாற்றிக்கொண்டு 'யன்னே' ஆக வேண்டும்: 'ஒயா கொஹெத யன்னே?' கேள்விச் சொல் இல்லாத 'போறீங்களா?' மட்டும் 'யனவாத?' என்றே நிற்கும். விதி தெரியும், தாளில் சரியாக எழுதுவேன், பேசும்போது 'யனவா' முந்திக்கொண்டு வரும்.

வழி கிடைத்தது ஒரு பஸ்ஸில். சிங்கள கண்டக்டர்கள் தமிழ் பேசும்போது "நீங்க எங்க போறது?" என்று கேட்பதை மலையகத்தில் கேட்காதவர் இருக்க முடியாது. 'போறீங்க' என்று சொல்லத் தெரியாத தமிழ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது அவர்களுடைய 'யன்னே', தமிழ்ச் சொல் போட்டு வருகிறது. பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஆள் மாறாது, நானும் 'யனவா', நீயும் 'யனவா'. அவர்கள் பழக்கம் நம் மொழிக்குள் கசிகிறது. நம் பழக்கம் அவர்கள் மொழிக்குள் கசிவதும் அதே இடத்தில்தான்.

அவர்கள் சொல்வது தமிழுக்கு முழுக்க அந்நியமும் அல்ல. 'நீங்க போறது எங்க?', 'அவர் வந்தது எப்ப?' என்று நாமும் அழுத்திக் கேட்போம். ஆகவே சிங்களத்தில் கேள்வி கேட்குமுன் மனதில் தமிழை 'போறது எங்க' என்று மாற்றிக்கொண்டேன். 'போறது' வந்தால் 'யன்னே', 'போனது' வந்தால் 'கியே', 'வந்தது' என்றால் 'ஆவே'. மறுப்புக்கும் இது உதவியது. 'போகல' என்பதைப் பிரித்துப் போட்டு 'யன்ன' என்பதோடு இல்லையைச் சேர்க்கும் பழக்கம் எங்கள் வகுப்பில் பலரிடம் இருந்தது. சரியானது 'யன்னே' போட்டு இல்லை சொல்வது, அதாவது 'போறதில்ல' என்ற அமைப்பு. ஓர் இடத்தில் மட்டும் இந்தக் குறுக்குவழி தேவையில்லை. 'பிள்ளைகள் எத்தனை பேர்?' போன்ற எண்ணிக்கைக் கேள்விக்கு 'கீதெனெக் இன்னவத' என்று சாதாரண வினையே இயல்பாக வரும்.

வாய்மொழியில் என்னைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசச் சொன்னார்கள், பிறகு நான் அவர்களிடம் கேள்வி கேட்கும்படி ஒரு சூழ்நிலை கொடுத்தார்கள். 'யன்னே'க்கள் இடம் பார்த்து விழுந்தன. மலை என்பதற்கும் மரத்தண்டு என்பதற்கும் உள்ள 'கந்த' வித்தியாசம் இன்றுவரை எனக்குச் சரியாக வராது. மலையில் மெல்லின ஒலி முழுதாக நிற்கும், தண்டில் பாதிதான் நிற்கும். நான் சொன்னால் எல்லாத் தண்டும் மலைதான். நல்லவேளை, மரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எழுத்துப் பரீட்சையில் கதை தலைகீழ். சிங்களப் பேச்சில் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிட்டன, எழுத்தில் மட்டும் வித்தியாசம் இருக்கிறது. சிங்களப் பிள்ளைகளே அதில் தடுமாறுவார்கள். குணம், கருணை, கணக்கு என்று தமிழில் ணகரம் உள்ள சொற்களுக்கு உறவான சிங்களச் சொற்களை எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை. பக்கத்து மேசை அக்கா இப்போதும் கடிதம் எழுதும்போது, "நங்கி, இதுக்கு எந்த ன?" என்று என்னிடம்தான் கேட்கிறார்.