மேடை வெளிச்சத்தில் கடுகு மஞ்சள் ஜிப்பா

ஒரு ஜவுளிக்கடைக்காரர், மெல்லிசைக் கச்சேரியில் எடுத்த படத்தில் பாடகர் அணிந்திருந்த வெள்ளை ஜிப்பாவைத் தன் புதிய கடுகு மஞ்சள் பட்டு ஜிப்பாவாக மாற்றித் தரச் சொன்னார். பச்சைக் கரை வைத்தது, தையல் அதே மாதிரி. மேடையில் இடப்பக்கம் மெஜந்தா, வலப்பக்கம் நீல எல்இடி பார் லைட்.

பழைய சட்டை வெள்ளையாக இருந்தது பெரிய வசதி. வெள்ளைத் துணி தன் மேல் விழும் ஒளியின் நிறத்தை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் இரண்டு விளக்குகளின் அளவும் மடிப்புகளின் நிழலும் அந்தச் சட்டையிலேயே பதிவாகியிருந்தன. கேமரா பதிவு செய்த மூல வடிவமான ரா கோப்பைத் திறந்து, வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5500K-இல் நிறுத்தினேன். தானியங்கி, மேடை நிறத்தையே கழுவிவிடப் பார்க்கும். அப்புறம் எக்ஸ்போஷரைக் குறைத்தேன். சிவப்புச் சேனல் 255-ஐ முட்டி நின்ற இடங்களில் மடிப்பே தெரியவில்லை. அங்கே எந்த நிறம் போட்டாலும் தகடு ஒட்டியது போலத்தான் இருக்கும்.

நிறம் மாற்ற ஃபோட்டோஷாப்பின் Hue/Saturation பக்கம் போகவில்லை. அது எல்லா இடத்திலும் நிறத்தை ஒரே அளவு நகர்த்தும். துணியோ விழும் ஒளியைப் பெருக்கித்தான் திருப்புகிறது. ஜிப்பாவைத் தேர்வு செய்து, மேலே கடுகு மஞ்சளை (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 225, 170, 40) Multiply லேயராக வைத்தேன். இடத்தோளில் வெள்ளை 240, 50, 190 காட்டியது. ஒவ்வொரு எண்ணையும் மஞ்சளின் எண்ணோடு பெருக்கி 255-ஆல் வகுத்தால் 212, 33, 30, அதாவது நல்ல சிவப்பு. வலத்தோளில் வெள்ளை 40, 70, 245; மஞ்சள் துணி நீலத்தை விழுங்கிவிடுவதால் 35, 47, 38, கிட்டத்தட்ட கறுப்பு. பச்சைக் கரை மெஜந்தா பக்கம் அடியோடு இருண்டது.

பட்டின் மினுமினுப்பு வேறு கணக்கு. அது மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி, துணியின் நிறத்தை வாங்காது. அதனால் மடிப்பு முகடுகளில் மஞ்சளைத் தொடாமல், விளக்கின் நிறத்திலேயே, வெளிச்சத்தைக் கூட்டும் மெல்லிய Screen லேயர் போட்டேன். அதற்குப் பிறகுதான் துணி பட்டாகத் தெரிந்தது.

“என்ன தம்பி, நம்ம துணி சிவப்பா இருக்கே?” என்றார் கடைக்காரர். அவர் கேட்டது நியாயம்தான். துணியின் ஒரு துண்டை வாங்கிப்போய், ஒலி-ஒளி அமைப்பவரிடம் அதே இரண்டு விளக்குகளைப் போடச் சொல்லி, அதே 5500K-இல் படமெடுத்தேன். எல்இடி ஒளி குறுகிய அலைநீளங்களில் வருவதால், மூன்று எண்களை வைத்துப் போடும் கணக்கு எல்லாச் சாயங்களுக்கும் சரியாக வராது. துண்டு வைத்துப் பார்த்தால்தான் உறுதி. என் படத்தைவிட உண்மைத் துண்டு சற்று ஆரஞ்சாக இருந்தது. இடப்பக்கத்தில் பச்சைச் சேனலைக் கொஞ்சம் தூக்கினேன்.

அவருக்கு மஞ்சளும் தெரிய வேண்டும். நிறத்தை வலிந்து ஏற்றினால் பக்கத்தில் கழுத்துத் தோல் மெஜந்தாவாகவே இருக்க, ஜிப்பா மட்டும் வேறு அறையில் எடுத்தது போல நிற்கும். ஆகவே அதே கச்சேரியில் முன்பக்க வெதுவெதுப்பான வெள்ளை விளக்கு எரிந்த படமொன்றைத் தேடினேன். அதில் நெஞ்சுப் பகுதி வெள்ளை 255, 215, 160. அதே லேயர்களை வைத்ததும் 225, 143, 25 வந்தது, மஞ்சளும் கரையும் அடையாளம் தெரிந்தன. தோள் ஓரங்களில் மட்டும் மெஜந்தாவும் நீலமும் வழிந்தன. கடைக்காரர் அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டார்.