விலைப்புள்ளிக்கான நினைவூட்டல் மடல்: பிழை திருத்துபவர் எங்கே பார்க்க வேண்டும்

விலைப்புள்ளி கேட்டு அனுப்பியாகிவிட்டது. குறித்த நாள் தாண்டியும் பதில் இல்லை. "ஒரு ரிமைண்டர் போட்டுடலாம் சார்" என்று யாரோ பத்து வரி எழுதி, "கொஞ்சம் பிழை பாத்துக் குடுங்க" என்று நீட்டுகிறார்கள். திருத்துபவர் ஒற்று மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். இந்த மடலில் உள்ள பிழைகளில் பெரியவை எழுத்தில் இருப்பதில்லை. அவை மடலைப் பெறுபவர் பதில் எழுதுவதைக் கடினமாக்கும் பிழைகள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளி தன் பொன்விழா மலரை அச்சிட சிவகாசியில் உள்ள ஓர் அச்சகத்திடம் 2025 ஜூலை 2 அன்று மின்னஞ்சலில் விலை கேட்டது. ஜூலை 9-க்குள் பதில் வேண்டும் என்றும் குறிப்பிட்டிருந்தது. வரவில்லை. ஜூலை 11, வெள்ளிக்கிழமை எழுதிய நினைவூட்டலின் வரைவு இது:

"பொருள்: நினைவூட்டல் 1 – விலைப்பட்டியல் அனுப்பாதது தொடர்பாக.

ஐயா, வணக்கம். எங்கள் பள்ளியின் பொன்விழா மலர் அச்சிடுவதற்கு விலைப்புள்ளி கோரி 07/02/2025 அன்று தங்களுக்கு கடிதம் அனுப்பியிருந்தோம். ஒன்பது நாட்கள் ஆகியும் நீங்கள் இதுவரை எந்த பதிலும் அளிக்கவில்லை. மலர் டெமி 1/8 அளவில் 120 பக்கங்கள், 500 பிரதிகள். வேலையைத் தங்களிடமே கொடுக்கலாம் என்று எண்ணியுள்ளோம். எனவே இரண்டு நாட்களுக்குள் விலைப்பட்டியல் அனுப்பவும். தங்கள் மேலான பதிலை எதிர்ப்பார்க்கிறோம்."

எழுத்துப் பிழைகள் முதல் பார்வையிலேயே தெரிகின்றன. "தங்களுக்குக் கடிதம்", "எந்தப் பதிலும்" என்று ஒற்று மிக வேண்டும். "எதிர்ப்பார்க்கிறோம்" என்பதில் நடுவே உள்ள 'ப்' வேண்டாம். எதிர்பார்க்கிறோம் என்பதே சரி. "தங்களுக்கு" என்று தொடங்கி "நீங்கள்" என்று இறங்கி மறுபடி "தங்களிடமே" என்று ஏறுகிறது மரியாதை. தமிழ்க் காது இந்தத் தடுமாற்றத்தை உடனே பிடித்துக்கொள்ளும். அதிலும் குற்றம் சொல்லும் வாக்கியத்தில் மட்டும் "நீங்கள்" வந்திருப்பதால், கோபத்தில் மரியாதை குறைந்ததுபோல் தோன்றும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுத வேண்டும். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் திருத்திவிடலாம்.

பேனாவை வைத்துவிட்டு ஜூலை 2-இல் அனுப்பிய மின்னஞ்சலைத் திறக்க வேண்டும். பழைய மடலைப் பக்கத்தில் வைக்காமல் நினைவூட்டலைத் திருத்தக் கூடாது என்பதை நான் விதியாகவே சொல்வேன். முதலில் பார்க்க வேண்டியது, பதில் உண்மையிலேயே வரவில்லையா என்பது. ஸ்பேம் பெட்டி, பள்ளியின் பொது முகவரி, அலுவலகக் கைபேசியின் வாட்ஸ்ஆப் மூன்றையும் பார்க்க வேண்டும். அச்சகக்காரர்கள் பலர் விலையைத் தங்கள் லெட்டர்பேடில் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுவார்கள். வந்த பதிலை வரவில்லை என்று எழுதிவிட்டால் அதை எந்தப் பணிவான சொல்லாலும் ஈடுகட்ட முடியாது.

அடுத்து, எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் பழைய மடல் 112 பக்கம் என்கிறது. வரைவு 120 என்கிறது. எழுதியவர் நினைவிலிருந்து எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கம்தானே என்று தோன்றும். அச்சகத்தில் அப்படி இல்லை. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதியைப் பாரம் என்பார்கள். டெமி 1/8 அளவில் ஒரு பாரம் என்பது 16 பக்கம். 112 பக்கம் என்றால் சரியாக ஏழு பாரம். 120 என்றால் ஏழரை. அந்த அரைப் பாரத்துக்குத் தனியாக பிளேட் போட வேண்டும், இயந்திரத்தைத் தனியாகத் தயார் செய்ய வேண்டும். 500 பிரதிகள் என்ற சிறிய எண்ணிக்கையில் அந்தச் செலவு ஒவ்வொரு பிரதியின் மேலும் தெரியும்படி ஏறும். மடலைப் படிப்பவர் இது பழைய வேலையா, மாறிய வேலையா என்று குழம்புவார். போட்டு வைத்திருந்த கணக்கு ஏதாவது இருந்தால் அதையும் ஒதுக்கிவைப்பார். நினைவூட்ட எழுதிய மடலே பதிலைத் தள்ளிப்போட்டுவிடும்.

தேதியும் அப்படித்தான். 07/02/2025 என்பதை நம் வழக்கப்படி யாரும் பிப்ரவரி 7 என்றே படிப்பார்கள். கணினியில் அமெரிக்கத் தேதி அமைப்பு இருந்து, அதைப் பார்த்து எழுதியதால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. அச்சகத்தில் பிப்ரவரி மடல்களைத் தேடி, எதுவும் இல்லை என்று விட்டுவிட்டால் அவர்மேல் தவறில்லை. மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தச் சிக்கலே எழாது.

"விலைப்பட்டியல்" என்ற சொல்லையும் மாற்ற வேண்டும். விலைப்புள்ளி என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்குச் சொல்லும் விலை, அச்சகத்தில் கொட்டேஷன் என்பார்கள். விலைப்பட்டியல் என்றால் பொதுவான விலை அட்டவணை என்று ஒருவர் கொள்வார். இன்வாய்ஸ் என்று இன்னொருவர் கொள்வார். "விலைப்பட்டியல் அனுப்பாதது தொடர்பாக" என்று வந்த மடலை, ஏதோ பில் பாக்கி என்று நினைத்துக் கணக்குப் பிரிவுக்குத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. ஒரே மடலில் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போடுவது இன்னும் மோசம்.

அந்தப் பொருள் வரியே வேண்டாம் என்பது என் கருத்து. "நினைவூட்டல் 1" என்பது அரசு அலுவலகக் கோப்பின் வாசனை உள்ள சொல். அடுத்து 2, 3 என்று வரப்போகிறது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. தவிர, பொருள் வரியை மாற்றினால் ஜிமெயிலில் அது புது உரையாடலாகப் போய்விடும். முன்பு நாம் அனுப்பிய மடலையே திறந்து அதற்குப் பதில் எழுதுவதாக எழுதினால், பழைய பொருள் வரி அப்படியே நிற்கும். முதல் மடலும் கீழேயே இருப்பதால் அவர் தேட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம்: இப்படிப் பதிலாக அனுப்பும்போது பழைய மடலின் இணைப்புகள் கூடவே போகா. மாதிரிப் பக்கங்களை இணைத்திருந்தால் அவற்றை மறுபடி இணைக்க வேண்டும்.

இனி பணிவுக்கு வருவோம். "நீங்கள் இதுவரை எந்தப் பதிலும் அளிக்கவில்லை" என்பதில் எழுவாய் எதிராளி, வினை அவர் செய்யாத செயல். ஒற்றைத் திருத்திய பிறகும் அது குற்றச்சாட்டாகவே நிற்கும். "தங்கள் விலைப்புள்ளி இதுவரை எங்களுக்கு வந்து சேரவில்லை" என்றால் செய்தி அதேதான், ஆனால் எழுவாய் விலைப்புள்ளி. அவர் அனுப்பி வழியில் தவறியிருக்கலாம் என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது. "ஒன்பது நாட்கள் ஆகியும்" என்பதில் உள்ள அந்த 'உம்' பல்லைக் கடிக்கிறது. நாள் கணக்கை எடுத்துவிட்டு, கேட்ட தேதியை மட்டும் சொன்னால் போதும். "மேலான பதில்" என்பது எதிர்த்திசையில் மிகை. குற்றம் சொன்ன கையோடு "மேலான" என்று போட்டால் அது ஒட்டாது.

பணிவு என்று நினைத்து எழுதிய ஒரு வரிதான் இந்த வரைவிலேயே ஆபத்தானது: "வேலையைத் தங்களிடமே கொடுக்கலாம் என்று எண்ணியுள்ளோம்." பள்ளி இன்னும் இரண்டு இடங்களில் விலை கேட்டிருக்கிறது; குழு கூடி முடிவு செய்ய வேண்டும். இந்த வரியைப் படித்தவர் விலையைக் குறைக்கக் காரணம் இல்லை. வேலை வேறொருவருக்குப் போனால், எழுத்தில் சொன்ன வாக்கு தவறியதாக அவர் கருதுவதும் நியாயம். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாததால் இந்த வரி திருத்துபவர் கண்ணுக்குத் தப்பிவிடும். முழுமையாக அடித்துவிட வேண்டும்.

கெடுவைப் பாருங்கள். "இரண்டு நாட்களுக்குள்" என்று வெள்ளிக்கிழமை எழுதினால் ஞாயிறு வந்துவிடுகிறது. நாளையும் கிழமையையும் சேர்த்து எழுதி, நாள்காட்டியில் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். காரணத்தையும் சொன்னால் அது அதட்டலாக இருக்காது. இங்கே கொள்முதல் குழு ஜூலை 18, வெள்ளிக்கிழமை கூடுகிறது. ஒப்பீட்டுப் பட்டியல் போட ஒரு நாள் வேண்டும். ஆகவே ஜூலை 16, புதன்கிழமை. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளிவந்து, அதன்பின் அச்சகங்கள் காலண்டர் வேலையில் மூழ்கிவிடும். 2025-இல் அது ஆகஸ்ட் 3. ஜூலை நடுவிலேயே பேசி முடிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

கடைசியாக, பழைய மடலை அச்சகக்காரரின் இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பதில் வராததற்குக் காரணம் பல நேரம் அங்கேதான் இருக்கும். ஜூலை 2 மடலில் காகிதம், அட்டை, வண்ணம், பைண்டிங் எல்லாம் இருக்கின்றன. பக்க வடிவமைப்பு யார் செய்வது என்பது மட்டும் இல்லை. 112 பக்கத்துக்கு டி.டி.பி. வேலையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் எப்படி விலை போடுவார்? அதைக் கேட்டு எழுத நேரம் இல்லாமல் ஒதுக்கிவைத்திருக்கலாம். விடுபட்டது நம் பக்கம் என்றால் நினைவூட்டலில் அதை நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. அது மடலின் தொனியையும் மாற்றிவிடும்.

திருத்தம் முடிந்த மடல்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் பள்ளியின் பொன்விழா மலரை அச்சிடுவதற்கு விலைப்புள்ளி கேட்டு 2025 ஜூலை 2 அன்று தங்களுக்கு எழுதியிருந்தோம். தங்கள் விலைப்புள்ளி இதுவரை எங்களுக்கு வந்து சேரவில்லை. எங்கள் மடலில் ஒரு விவரம் விடுபட்டிருந்தது: பக்க வடிவமைப்பை நாங்களே முடித்து பிடிஎஃப் கோப்பாகத் தருவோம். மற்ற விவரங்களில் மாற்றம் இல்லை.

டெமி 1/8, உள்பக்கங்கள் 112, 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, கறுப்பு மட்டும், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, நான்கு வண்ணம், மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், 500 பிரதிகள். ஜி.எஸ்.டி.யையும் பள்ளிக்கு அனுப்பும் லாரி வாடகையையும் தனித்தனியே குறிப்பிட வேண்டுகிறோம்.

எங்கள் கொள்முதல் குழு ஜூலை 18 அன்று கூடுகிறது. ஜூலை 16, புதன்கிழமை மாலைக்குள் தங்கள் விலைப்புள்ளி கிடைத்தால் குழுவின் முன் வைக்க உதவியாக இருக்கும். இந்த வேலையைத் தற்போது ஏற்க இயலாது என்றால் அதையும் ஒரு வரியில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

நன்றி."

அந்தக் கடைசி வரியைச் சிலர் அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்ல நாமே வழி காட்டுவதாக நினைப்பார்கள். வேலை மிகுந்த ஒருவருக்கு "முடியாது" என்று எழுதுவது சங்கடம் என்பதால்தான் அவர் மௌனமாக இருக்கிறார். அந்தச் சங்கடத்தை நாம் எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் பதில் வரக்கூடும். 18-ஆம் தேதி வரை காத்திருந்து ஏமாறுவதைவிட, 12-ஆம் தேதியே தெரிந்து வேறு அச்சகத்தைக் கேட்பது மேல்.

அனுப்பும் முன் கையொப்பத்தின் கீழுள்ள கைபேசி எண்ணை, இலக்கம் இலக்கமாக, பழைய மடலில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். பலர் பதிலை எழுத மாட்டார்கள், கூப்பிடுவார்கள்.