5 நொடி அவல், 3 நொடி பொரி

மூன்று தீபாவளியாகப் பிடி கொடுக்காத சிவ்டா என்னும் மராத்தி மிக்சருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை அவல் சரியாகப் பொரிந்துவிட்டது. புணேயில் பக்கத்து வீட்டுப் பாட்டி செய்யும் பொரித்த அவல் சிவ்டாவுக்கு இப்போதுதான் கிட்டே வந்திருக்கிறேன்.

இதற்கு முன் கெட்டது எண்ணெயால். செக்குக் கடலெண்ணெய்தான் என்று பிடிவாதமாக இருந்தேன். அது அவல் பொரியும் சூட்டுக்கு வருவதற்குள்ளேயே புகைய ஆரம்பித்துவிடும். புகைக்குப் பயந்து தீயைக் குறைத்தால் அவல் பூக்காமல் எண்ணெய் குடித்து, பல்லில் கல்லாக நிற்கும். அவலுக்குள் இருக்கும் கொஞ்சூண்டு ஈரம் ஒரே மூச்சில் ஆவியானால்தான் அது மலரும். மெதுவாக வெளியேறினால் வெறுமனே காய்ந்து இறுகிவிடும். இந்த முறை ரீஃபைண்ட் கடலெண்ணெய், வெப்பமானியில் 200 டிகிரி. ஒரே ஒரு அவலைப் போட்டேன். அடியில் தங்காமல் உடனே மேலே வந்து விரிந்தது.

அவல் கடையில் 'ஜாட் போஹே' என்று கேட்டு வாங்கிய கெட்டி அவல். கம்பிச் சல்லடையில் ஒரு கைப்பிடி, அதற்கு மேல் இல்லை. ஒரு தடவை இரண்டு பிடி போட்டதும் சூடு 175க்கு இறங்கி, பாதி அவல் பூக்கவே இல்லை. ஒரு பிடி என்றால் 5 நொடி போதும். நிறம் மாறும்வரை காத்திருக்கக் கூடாது. வெள்ளையாக இருக்கும்போதே தூக்கினால் மிச்சச் சூட்டில் தானாக லேசாகச் சிவக்கும். அடுத்த பிடிக்கு முன் எண்ணெய் மறுபடி 200 தொட வேண்டும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. எண்ணெய் அதிகம் ஏறுவது பொரியும்போது இல்லை, வெளியே எடுத்த பிறகு! உள்ளே இருக்கும் ஆவி ஆறிச் சுருங்கும்போது மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் சல்லடையைத் தூக்கியதும் வாணலிக்கு மேலேயே நாலு உதறு, உடனே காகிதம் விரித்த பெரிய தட்டில் ஒற்றை அடுக்காகக் கொட்டல். முன்பெல்லாம் கிண்ணத்தில் குவித்து வைப்பேன். அடியில் இருந்தது ஆவி கோத்து நமுத்துவிடும்.

பொரி இதைவிடப் படுத்துகிறது. ஏற்கனவே பொரிந்த பண்டம், உள்ளே முழுக்கக் காற்றறை. 3 நொடியில் எடுத்து உதறியும் 50 கிராம் பொரி 74 கிராம் ஆனது. மொறுமொறுப்பு அருமை, ஆனால் விரலில் எண்ணெய் வழிகிறது. அடுத்த தடவை பொரியை வெறும் வாணலியில் வறுத்துப் பார்க்கப் போகிறேன். இங்கே கோலாப்பூர் பக்கத்துப் பொரி என்று ஒன்று விற்கிறார்கள், கொஞ்சம் கனமாக இருக்கிறது. அதையும் கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.

தாளிப்பு இன்னும் போடவில்லை. தட்டைத் தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு இருக்கிறது. முழுக்க ஆறிய பிறகுதான் பொடித்த சர்க்கரை.