அண்ணனின் விண்ணப்பத்துக்கு நாலு வரி

ஜூன் 3
கும்பகோணம் பக்கம் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு சி.இ.ஓ. தேவையாம். அண்ணனுக்கு வயது 47, மருந்துக் கம்பெனி ரெப்பாக 22 வருஷம் ஓடியாச்சு, மார்ச்சில் வேலையை விட்டார். விண்ணப்பத்தின் மேலே வரும் சுருக்கத்தைப் பார்த்துக் கொடு என்றார். ஆடிட்டர் ஆபீஸில் இந்த மாதிரி நிறுவனங்களின் கணக்குதான் என் கையில்.

“மருந்து விற்பனையில் 22 ஆண்டு அனுபவம், இலக்கை எட்டும் ஆர்வம், விவசாயத்தில் புதிய வாய்ப்பை எதிர்நோக்குகிறேன்” என்று எழுதியிருந்தார். படிக்கப்போகும் இயக்குநர்கள் விவசாயிகள். முதல் வரியிலேயே ‘மருந்து ஆள்’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஜூன் 5
அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு அன்றாடம் என்ன வேலை என்று பேசினோம். விதை, உரம், பூச்சிமருந்து விற்கும் கடைதான் பெரும்பாடு. குறுவைக்கு வாங்கிய விதை மிஞ்சினால் பணம் முடங்கும், சான்று விதைக்கு 9 மாதம்தான் கெடு, பூச்சிமருந்துக்கும் காலாவதி உண்டு.

“இதைத்தானேம்மா இத்தனை வருஷமா பார்த்தேன், தேதி நெருங்கற சரக்கை முன்னாடியே வேற ஊர் ஸ்டாக்கிஸ்டுக்கு மாத்திவிட்டுடுவேன்” என்றார் அண்ணன். அதை எழுது அண்ணா என்றேன்.

பி.எஸ்சி. வேதியியலைக் கடைசிப் பக்கத்தில் தள்ளியிருந்தார், மேலே கொண்டுவந்தேன். பூச்சிமருந்து விற்கும் உரிமத்துக்கு வேளாண்மையோ வேதியியல் போன்ற அறிவியலோ படித்தவர் கடையில் வேண்டும், அந்த ஆளை இந்த நிறுவனங்கள் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 8
இப்போது இப்படி நிற்கிறது:

“கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பகுதி ஸ்டாக்கிஸ்டுகளின் சரக்கு இருப்பு, கடன் வசூல், காலாவதிச் சரக்கு மூன்றையும் பொறுப்பேற்று நடத்தியுள்ளேன். அந்தப் பழக்கத்தோடு இடுபொருள் கடையை நடத்த வருகிறேன். பி.எஸ்சி. வேதியியல், பூச்சிமருந்து உரிமத்துக்கான படிப்பு உண்டு. ஏப்ரல் முதல் ஒரு நெல் மண்டியில் கொள்முதலும் ஈரப்பதம் பார்ப்பதும் பழகிவருகிறேன்.”

வருஷக் கணக்கு இதில் இல்லை, கீழே வேலை விவரத்தில் அப்படியே இருக்கிறது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ‘நெல் வணிகத்தில் அனுபவம்’ என்று போடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். மண்டிக்காரர் ஒருவர் குழுவில் இருந்தால் ரெண்டு கேள்வியில் பிடித்துவிடுவார், அப்புறம் உண்மையான வரிகளையும் நம்ப மாட்டார்கள். ‘பழகிவருகிறேன்’ போதும்.

ஜூன் 9
பெயரை மறைத்து, இதே மாதிரி வேறொரு நிறுவனத்தில் இயக்குநராக இருக்கும் பெரியப்பாவிடம் கொடுத்து, எந்த வேலைக்கு என்று கேட்டேன். “கடையை, வரவுசெலவைப் பாத்துக்கற ஆளு” என்றார். அது போதும் எனக்கு. “சரி, நெல்லை யாருகிட்ட விப்பாராம்?” என்று அடுத்து கேட்டார். அதற்குச் சுருக்கத்தில் இடமில்லை, நேர்காணலில் நிச்சயம் வரும். நாளைக்கு அண்ணன் மண்டிக்காரரோடு நாலு அரிசி ஆலைகளுக்குப் போய், எந்த ரகத்தை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டு வருகிறார்.